வாந்திபேதி நுண்ணுயிரை இனங்காணல்

வாந்திபேதி நுண்ணுயிரை இனங்காணல் என்பது, காலரா எனப்படும் வாந்திபேதி நோய்க்குக் காரணமான விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியாவை நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுத்து உறுதிசெய்யும் ஆய்வக முறையாகும். கிராம் சாயமேற்றம், வளர்ப்பு ஊடகத்தில் தோன்றும் காலனிகளின் இயல்பு, சில எளிய உயிர்வேதிச் சோதனைகள், எதிர்ச்சீரத்துடன் திரளும் தன்மை ஆகிய நான்கும் இம்முறையின் படிகளாகும். நோயாளியின் நிலையைச் சில வரிகளில் விவரித்து, நுண்ணுயிர் எதுவெனக் கேட்கும் மருத்துவ நுண்ணுயிரியல் தேர்வு வினாக்களில் இந்நுண்ணுயிர் அடிக்கடி இடம்பெறுகின்றது.

இவற்றுள் இறுதிப் படியான எதிர்ச்சீரச் சோதனையைப் பற்றிப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்த ஒரு விதி, 1992 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையில் பொய்த்துப்போனது. ஓ139 என்று பின்னர் பெயரிடப்பட்ட புதிய வகை அப்போதுதான் அறியப்பட்டது. எந்தச் சோதனை எதை நிறுவுகின்றது, எதை நிறுவுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்நிகழ்வு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஆகவே இக்கட்டுரை அதனை மையமாகக் கொண்டுள்ளது.

## கிராம் சாயமேற்றமும் அதன் எல்லையும்

டென்மார்க்கைச் சேர்ந்த ஆன்சு கிறித்தியன் கிராம் 1884 இல் வெளியிட்ட சாயமேற்றும் முறை, பாக்டீரியாக்களை அவற்றின் உயிரணுச் சுவரின் அமைப்பைக் கொண்டு இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கின்றது. கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, உலர்த்தி, இலேசான வெப்பத்தில் நிலைநிறுத்திய மாதிரியின் மீது படிக ஊதாச் சாயம் ஒரு நிமிடம் விடப்படுகின்றது. பின்னர் அயோடின் கரைசல் ஒரு நிமிடம் விடப்படுகின்றது. சாயமும் அயோடினும் உயிரணுவுக்குள் ஒன்றுசேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகின்றன. அடுத்து ஆல்ககால் அல்லது அசிட்டோன் கொண்டு சில நொடிகள் கழுவும்போது, தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவருடைய உயிரணுக்கள் ஊதாவைத் தக்கவைத்துக்கொள்கின்றன. மெல்லிய சுவரும் வெளிப்படலமும் கொண்டவை அதனை இழந்துவிடுகின்றன. நிறமிழந்தவை தெரிவதற்காக இறுதியில் சிவப்புச் சாயம் ஏற்றப்படும். ஊதாவாகத் தெரிபவை கிராம் நேர் வகையின. சிவப்பாகத் தெரிபவை கிராம் எதிர் வகையின.

விப்ரியோ காலரே கிராம் எதிர் வகையைச் சேர்ந்தது. கால்புள்ளியைப் போல வளைந்த கோல் வடிவமுடையது, ஏறத்தாழ 1.5 முதல் 3 மைக்ரோமீட்டர் வரை நீளமுடையது. ஒரு முனையில் மட்டும் ஒற்றைக் கசையிழை உண்டு. இறுதிச் சாயமாகச் சாஃப்ரனினைப் பயன்படுத்தினால் இது மங்கலாகத் தெரிவதுண்டு. எனவே நீர்த்த கார்பால் ஃபுக்சினைப் பயன்படுத்துவது நல்லது.

இச்சாயமேற்றத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் நிறநீக்கும் படியில்தான். பூச்சு தடித்திருந்தால் ஆல்ககால் உட்செல்லாது, கிராம் எதிர் வகையும் ஊதாவாகத் தெரியும். நெடுநேரம் கழுவினால் கிராம் நேர் வகையும் சிவப்பாகிவிடும். இதனை அறிந்துகொள்ள அதே தகட்டின் இரு ஓரங்களில் இசுட்டாஃபிலோகாக்கசு ஆரியசு, எசரிக்கியா கோலை ஆகியவற்றைப் பூசி வைப்பர். முன்னது ஊதாவாகவும் பின்னது சிவப்பாகவும் தெரியாவிடில் அத்தகட்டின் முடிவை ஏற்கக் கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தாலும், மலத்தின் கிராம் சாயமேற்றம் தனித்து நின்று எதையும் முடிவுசெய்வதில்லை. நலமான ஒருவரின் மலத்திலும் கிராம் எதிர் கோல்கள் எண்ணற்றவை உள்ளன. கடும் வாந்திபேதியில் மட்டும் நிலைமை சற்று வேறானது. குடலில் வழக்கமாக வாழும் நுண்ணுயிர்கள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடுவதால், மலத்தில் மிதக்கும் சளித் துணுக்கைப் பூசிப் பார்த்தால் வளைந்த கோல்களே மிகுதியாகக் காணப்படும். அவை ஒரே திசையில் வரிசைவரிசையாகக் கிடப்பதை ஓடையில் நீந்தும் மீன்களுக்கு ஒப்பிடுவது பாடநூல் மரபு. பழைய வளர்ப்பிலிருந்து எடுத்த உயிரணுக்கள் வளைவை இழந்து நேர்கோல்களாகத் தெரியும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சாயமேற்றாத தொங்குதுளி முறையில் பார்த்தால் கூடுதல் தகவல் கிடைக்கின்றது. ஒற்றைக் கசையிழையின் வேகத்தால் இந்நுண்ணுயிர் எய்த அம்பு போலப் பாய்ந்து செல்வது தெரியும்.

## மாதிரியும் செறிவூட்டலும்

இந்நுண்ணுயிர் காரத்தைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. இதன் வளர்ப்பு முறைகள் அனைத்தும் இந்த ஒரே பண்பைப் பயன்படுத்துகின்றன. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேரி-பிளேர் ஊடகம் பயன்படுகின்றது. இந்திய ஆய்வகங்களில் வெங்கட்ராமன்-இராமகிருஷ்ணன் ஊடகமும் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருந்துள்ளது. 1941 இல் வெளியிடப்பட்ட இதனைச் செய்ய ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் கடலுப்பும் 5 கிராம் பெப்டோனும் போதும், பி.எச். அளவு 8.6 முதல் 8.8 வரை இருக்க வேண்டும். விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படாத இவ்வூடகத்தில் மற்ற குடல் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை, விப்ரியோ மட்டும் பல நாட்கள் உயிருடன் இருக்கும்.

ஆய்வகத்தில் மாதிரியின் ஒரு பகுதி காரப் பெப்டோன் நீரில் இடப்பட்டு 37 பாகை செல்சியசில் 6 முதல் 8 மணி நேரம் வைக்கப்படுகின்றது. உயிர்வளியை நாடும் விப்ரியோக்கள் விரைந்து பெருகி மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் திரள்கின்றன. அடுத்த படிக்கு எடுக்க வேண்டியது இப்படலத்தையே. குழாயைக் கலக்கிவிட்டு அடியிலிருந்து எடுப்பதும், மறுநாள் வரை விட்டுவைப்பதும் பயன் தரா. நேரம் மிகுந்தால் மற்ற நுண்ணுயிர்களும் பெருகி விப்ரியோவை மறைத்துவிடுகின்றன.

## டி.சி.பி.எஸ். அகாரில் தோற்றம்

தயோசல்பேட்டு, சிட்ரேட்டு, பித்த உப்பு, சுக்ரோசு ஆகிய நான்கின் முதலெழுத்துக்களால் டி.சி.பி.எஸ். எனப்படும் அகார், விப்ரியோக்களுக்கென்றே அமைந்த தேர்வு ஊடகமாகும். இதன் பி.எச். 8.6. பித்த உப்பும் சிட்ரேட்டும் காரத்தன்மையும் பிற குடல் நுண்ணுயிர்களை ஒடுக்குகின்றன. ஊடகத்திலுள்ள புரோமோதைமால் நீலம் நிறங்காட்டியாகச் செயற்படுகின்றது. சுக்ரோசை நொதிக்கச் செய்து அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரின் காலனி மஞ்சளாகவும், செய்யாததன் காலனி பச்சையாகவும் தெரியும்.

விப்ரியோ காலரே 18 முதல் 24 மணி நேரத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள, தட்டையான, வழவழப்பான மஞ்சள் காலனிகளைத் தருகின்றது. கடல் உணவால் நோய் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கசு சுக்ரோசை நொதிக்கச் செய்யாததால் அதன் காலனிகள் நீலப்பச்சையாக இருக்கும். தேர்வு வினாக்களில் "மஞ்சள்", "பச்சை" என்னும் ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் இவ்விரண்டையும் பிரிக்கின்றது.

ஆனால் மஞ்சள் நிறம் சுக்ரோசு நொதித்தலை மட்டுமே காட்டுகின்றது, நுண்ணுயிரின் பெயரைக் காட்டுவதில்லை. விப்ரியோ ஆல்ஜினோலிட்டிக்கசு என்னும் கடல்வாழ் இனமும் மஞ்சளாகவே வளரும். சில புரோட்டியசு வகைகளும் எண்டெரோகாக்கசும் சிறிய மஞ்சள் காலனிகளைத் தருவதுண்டு. மேலும் தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மஞ்சள் மங்கிப் பச்சையாக மாறக்கூடும். எனவே நிறத்தை உரிய நேரத்தில் பார்த்துக் குறித்துவிட வேண்டும்.

## ஆக்சிடேசு சோதனையும் இழைச் சோதனையும்

ஆக்சிடேசு சோதனையில் காலனியின் ஒரு துளியை வினைபொருள் தோய்ந்த வடிதாளில் தேய்க்கின்றனர். சைட்டோகுரோம் ஆக்சிடேசு நொதி இருந்தால் 10 நொடிகளுக்குள் கருஊதா நிறம் தோன்றும். விப்ரியோ காலரே இதில் நேர்விடை தருகின்றது. எசரிக்கியா கோலை, சால்மோனெல்லா, சிகெல்லா போன்ற குடல் நுண்ணுயிர்க் குடும்பத்தினர் எதிர்விடை தருகின்றனர். எனவே வயிற்றுப்போக்கு வினாவில் "ஆக்சிடேசு நேர்" என்ற ஒரு குறிப்பு அந்தக் குடும்பம் முழுவதையும் விலக்கிவிடுகின்றது.

இச்சோதனையை டி.சி.பி.எஸ். தட்டிலிருந்து நேராகச் செய்யக் கூடாது. அங்கு உண்டான அமிலம் வினையைக் கெடுத்துப் பொய்யான எதிர்விடையைத் தரும். மஞ்சள் காலனியைச் சாதாரண ஊட்ட அகாருக்கு மாற்றி வளர்த்த பின்பே செய்ய வேண்டும். நிக்ரோம் கம்பியால் காலனியை எடுத்தால் பொய்யான நேர்விடை வரக்கூடும் என்பதால் பிளாட்டினக் கம்பியோ மரக்குச்சியோ பயன்படுத்தப்படுகின்றது.

இழைச் சோதனைக்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. 0.5 விழுக்காடு சோடியம் டீஆக்சிகோலேட்டுக் கரைசலின் ஒரு துளியில் காலனியைக் குழைத்தால், பித்த உப்பு உயிரணுக்களை உடைத்துவிடுகின்றது. வெளிப்படும் டி.என்.ஏ. இழைகள் கலவையைப் பிசுபிசுப்பாக்குகின்றன. ஒரு நிமிடத்துக்குள் கம்பியை மெல்ல உயர்த்தினால் சளி போன்ற இழை நீண்டு வரும். விப்ரியோ காலரே ஏறத்தாழ எப்போதும் நேர்விடை தரும். விப்ரியோவைப் போலவே ஆக்சிடேசு நேர்விடை தந்து குழப்பும் ஏரோமோனாசு பொதுவாக எதிர்விடை தரும்.

## எதிர்ச்சீரமும் ஓ1 விதியும்

விப்ரியோ காலரேயின் வெளிப்படலத்திலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் வகைக்கு வகை வேறுபடுகின்றன. இச்சங்கிலிகளே ஓ எதிர்ப்பிகள் எனப்படுகின்றன. அவற்றைக் கொண்டு இந்நுண்ணுயிர் ஓ1, ஓ2, ஓ3 எனக் குழுக்களாக எண்ணிடப்பட்டுள்ளது. குறிப்பிட்ட குழுவுக்கான எதிர்ச்சீரத்தின் துளியில் காலனியைக் குழைக்கும்போது, அக்குழுவைச் சேர்ந்த உயிரணுக்கள் உடனே மணல் மணலாகத் திரளும். அருகில் உப்புநீரிலும் குழைத்துப் பார்க்க வேண்டும். ஓ சங்கிலிகளை இழந்த சொரசொரப்பு வகைகள் வெறும் உப்புநீரிலேயே திரண்டுவிடுவதால், அத்தகைய காலனியின் முடிவை ஏற்க இயலாது.

1992 வரை அறியப்பட்ட கொள்ளைநோய்கள் யாவும் ஓ1 குழுவால் ஏற்பட்டவையே. மற்றக் குழுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றுப்போக்கை உண்டாக்கினவேயன்றிக் கொள்ளைநோயாகப் பரவியதில்லை. ஆகவே "ஓ1 எதிர்ச்சீரத்தில் திரண்டால் காலரா, திரளாவிடில் காலராவன்று" என்பது ஆய்வகங்களின் நடைமுறையாகவும் தேர்வு விடையாகவும் ஆகியிருந்தது. திரளாதவற்றுக்குத் "திரளா விப்ரியோக்கள்" என்றே பெயர் வழங்கியது.

இவ்விதி காரணத்தை விளக்கும் விதியன்று, பட்டறிவால் வந்த ஒன்று. நோயை உண்டாக்குவது ஓ சங்கிலியன்று, காலரா நச்சே. கொல்கத்தாவில் சம்பு நாத் தே 1959 இல் நிறுவிக் காட்டிய அந்நச்சின் மரபணுக்களை, பாக்டீரியாவுக்குள் குடியேறும் ஒரு நுண்ணுயிர்த்தின்னி வைரசு சுமந்து வருகின்றது என்பதை வால்டரும் மெக்கலானோசும் 1996 இல் வெளியிட்டனர். ஓ1 சங்கிலியும் நச்சு மரபணுவும் வழக்கமாகச் சேர்ந்தே காணப்பட்டமையால், முன்னதைக் கண்டால் பின்னதும் உண்டு என்று கொள்ள முடிந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

## 1992, சென்னை

1992 அக்டோபரில் அன்று மெட்ராசு என்றழைக்கப்பட்ட சென்னையில் கடும் நீர்ப்பேதியும் வாந்தியும் பரவின. நோயாளிகளின் மலத்தில் வளைந்த கோல்கள் இருந்தன, அவை வழக்கமான பாய்ச்சலுடன் நகர்ந்தன, டி.சி.பி.எஸ். அகாரில் மஞ்சளாக வளர்ந்தன, ஆக்சிடேசு நேர்விடை தந்தன. ஓ1 எதிர்ச்சீரத்தில் மட்டும் அவை திரளவில்லை. மதுரை, வேலூர் ஆகிய இடங்களிலும் இதே வகை வெளிப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஜேசுதாசனும் ஜானும், ஓ1 குறைந்து ஓ1 அல்லாத வகை பெருகியதை 1993 இல் லான்செட் இதழில் பதிவுசெய்தனர். அவ்வாண்டின் இறுதியிலும் 1993 தொடக்கத்திலும் நோய் கொல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் அடைந்தது. பின்னர் தாய்லாந்து, மலேசியா, நேபாளம், பாக்கித்தான் முதலிய நாடுகளிலும் கண்டறியப்பட்டது.

அதுவரை 138 ஓ குழுக்கள் எண்ணிடப்பட்டிருந்தன. புதிய வகை அவற்றில் எதற்கான எதிர்ச்சீரத்திலும் திரளாததால் அதற்கு ஓ139 என்ற எண் வழங்கப்பட்டது. வங்காள விரிகுடாக் கரையோரத்தில் பரவியமையால் "பெங்கால்" என்ற துணைப்பெயரும் பெற்றது.

பின்னர் மரபணு ஆய்வில் இது புதிதாக முளைத்த நுண்ணுயிரன்று எனத் தெரிந்தது. 1961 முதல் உலகெங்கும் பரவிவந்த ஓ1 எல் டோர் வகையே இதன் மூலம். ஓ1 சங்கிலியை உருவாக்கும் மரபணுத் தொகுதி மட்டும் நீங்கி, வேறொரு தொகுதி அவ்விடத்தில் அமர்ந்துள்ளது. நச்சு மரபணுக்கள் அப்படியே உள்ளன. மேலும், ஓ1 வகைக்கு இல்லாத மேலுறை ஒன்றும் இதற்கு உண்டு. அதனால் இதன் காலனிகள் சற்றே ஒளிபுகாதவையாகத் தெரியும்.

சட்டை மாறியதன் விளைவு நோயாளிகளின் அகவையில் தெரிந்தது. காலரா நிலைத்துள்ள பகுதிகளில் பெரியவர்களுக்கு முந்தைய தொற்றுக்களால் எதிர்ப்பாற்றல் இருப்பதால் சிறுவர்களே மிகுதியாக நோயுறுவர். அந்த எதிர்ப்பாற்றல் பெரிதும் ஓ1 சங்கிலிக்கு எதிரானது. ஓ139 பரவியபோது அது பயன்படவில்லை, பெரியவர்களே மிகுதியாகப் படுத்தனர். "திரளாதது, ஆகவே காலராவன்று" என எழுதி மாதிரியை ஒதுக்கிய ஆய்வகம் ஒவ்வொன்றும், குடிநீருக்குக் குளோரின் இடுவதற்கும் நோய் அறிவிப்பதற்கும் வேண்டிய தகவலை அன்று தடுத்திருக்கும்.

## மாதிரி வினா

தேர்வுகளில் வரும் பாங்கில் அமைக்கப்பட்ட கற்பனை வினா ஒன்று கீழே தரப்படுகின்றது. காலம் 1993 ஆம் ஆண்டின் மழைக்காலம் எனக் கொள்க.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பணிபுரியும் 38 அகவையுடைய, 60 கிலோ எடையுள்ள ஒருவர், விடியற்காலை முதல் பதினைந்து முறை நீராகப் பேதியாகி, வாந்தியும் எடுத்த நிலையில் கொண்டுவரப்படுகின்றார். வயிற்று வலியோ காய்ச்சலோ இல்லை. கண்கள் குழிந்துள்ளன, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு உள்ளது, நாடி மெலிந்துள்ளது. மலம் அரிசி கழுவிய நீர் போல உள்ளது. அதில் குருதியோ சீழணுக்களோ இல்லை. வளர்ப்பில் டி.சி.பி.எஸ். அகாரில் மஞ்சள் காலனிகள் தோன்றின. ஆக்சிடேசு, இழைச் சோதனை இரண்டும் நேர்விடை. ஓ1 எதிர்ச்சீரத்தில் திரளவில்லை. ஓ/129 வில்லையைச் சுற்றி வளர்ச்சி தடைப்படவில்லை. நுண்ணுயிர் எது?

முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் வலியும் குருதியும் இல்லாமல் சில மணி நேரத்தில் உடல்நீர் முழுதும் வற்றுவது, நுண்ணுயிர் குடற்சுவரைத் துளைக்கவில்லை, நச்சு மட்டுமே செயற்படுகின்றது என்பதைக் காட்டுகின்றது. சிகெல்லா இதனால் விலகுகின்றது. நச்சால் நீர்ப்பேதி தரும் எசரிக்கியா கோலை இன்னும் எஞ்சி நிற்கின்றது. ஆக்சிடேசு நேர்விடை அதனை விலக்குகின்றது. இப்போது விப்ரியோவும் ஏரோமோனாசும் மட்டுமே உள்ளன.

இங்குதான் வினாவின் பொறி உள்ளது. ஓ/129 என்பது விப்ரியோக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள். (ஓ139 என்ற குழுப்பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. எண்களின் ஒற்றுமை மாணவரைக் குழப்புவதற்கென்றே அமைந்தது போலுள்ளது.) விப்ரியோ இதற்கு அடங்கும், ஏரோமோனாசு அடங்காது என்பது பாடநூல் அட்டவணை. அவ்வட்டவணையை மட்டும் நம்பினால் விடை ஏரோமோனாசு என்றாகிவிடும். ஆனால் 1992 இல் பரவிய ஓ139 வகை, கோட்ரைமாக்சசோல், இசுட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களைக் கொண்ட எஸ்.எக்ஸ்.டி. என்னும் நகரும் மரபணுத் துண்டைப் பெற்றிருந்தது. ஓ/129 உம் கோட்ரைமாக்சசோலின் ஒரு பாதியான டிரைமெத்தோப்பிரிமும் உயிரணுவில் ஒரே நொதியைத் தாக்குவதால், ஒன்றை எதிர்க்கும் நுண்ணுயிர் மற்றதையும் எதிர்த்தது. இத்துண்டு முதன்முதலில் விவரிக்கப்பட்டதே சென்னையில் 1992 இல் பிரித்தெடுக்கப்பட்ட MO10 என்ற ஓ139 வளர்ப்பிலிருந்துதான்.

இழைச் சோதனை நேர்விடை தந்திருப்பதாலும், டி.சி.பி.எஸ். அகாரில் செழித்து வளர்ந்திருப்பதாலும் இது விப்ரியோ காலரே. ஓ1 அன்று. வளர்ந்த ஒருவரை இவ்வளவு கடுமையாகத் தாக்கியுள்ளது. இடமும் காலமும் பொருந்துகின்றன. விடை: விப்ரியோ காலரே ஓ139 ஆக இருக்க வேண்டும் என ஐயுற்று, ஓ139 எதிர்ச்சீரத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதே. எதிர்ச்சீரத்தைத் தொடாமல் "ஓ139 தான்" என்று முடிப்பது, வேறு குழுக்களுக்கும் இதே பண்புகள் இருக்கக்கூடும் என்பதால், மிகைக்கூற்றாகும்.

மாதிரி வந்து எதிர்ச்சீர முடிவு கிடைக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். மருத்துவம் அதற்காகக் காத்திருப்பதில்லை. இந்நோயாளிக்கு ரிங்கர் லாக்டேட்டு கரைசல் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டர் வீதம், அதாவது 6 லிட்டர், மூன்று மணி நேரத்தில் நாளம் வழியாகச் செலுத்தப்பட வேண்டும். அதில் 1.8 லிட்டர் முதல் அரை மணி நேரத்திலேயே செல்ல வேண்டும். ஆய்வக முடிவு பயன்படுவது பெரும்பாலும் ஊருக்கும், அடுத்து வரும் நோயாளிகளுக்கான எதிர்நுண்ணுயிர் மருந்துத் தேர்வுக்குமே.

## வினாவில் ஒரு வரி மாறினால்

இதே நோயாளி பழவேற்காட்டு நண்டுக் குழம்பை உண்ட மறுநாள் வயிற்றைப் பிசையும் வலியுடனும் இலேசான காய்ச்சலுடனும் வந்து, காலனிகளும் பச்சையாக இருந்தால், விடை விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கசு. உப்பே இல்லாத பெப்டோன் நீரில் அது வளராது, விப்ரியோ காலரே வளரும். 8 விழுக்காடு உப்பில் நிலைமை தலைகீழாகும். பச்சைக் காலனியைக் கண்டு ஐயம் எழும்போது இவ்விரு குழாய்களே தீர்ப்பு வழங்கும்.

ஓ1, ஓ139 இரண்டு எதிர்ச்சீரங்களிலும் திரளாவிடில், ஆய்வகம் "விப்ரியோ காலரே, ஓ1 அல்லாத ஓ139 அல்லாத வகை" என அறிவிக்கின்றது. இவற்றில் பெரும்பாலானவற்றில் காலரா நச்சு இல்லை. இருக்கின்றதா என்பதை எதிர்ச்சீரம் கூறாது, நச்சு மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையே கூறும். ஒரே ஊரில் இத்தகைய நோயாளிகள் திரளாக வந்தால் அச்சோதனையைச் செய்தாக வேண்டும் என்பது 1992 க்குப் பின் வந்த நடைமுறை.

## பின்னாளைய நிலை

ஓ139 எட்டாவது உலகக் கொள்ளைநோயாக ஆகும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நேரவில்லை. 1994 இலேயே ஓ1 எல் டோர் மீண்டும் முன்னுக்கு வந்தது. 1996 இல் கொல்கத்தாவிலும் 2002 இல் வங்காளதேசத்திலும் ஓ139 மறுபடி தலைதூக்கியது. 1996 இல் வந்த வகை கோட்ரைமாக்சசோலுக்கு அடங்கியது. எஸ்.எக்ஸ்.டி. துண்டின் அப்பகுதியை அது இழந்திருந்தது. எனவே ஓ/129 எதிர்ப்பை ஓ139 குழுவின் நிலையான அடையாளமாகக் கொள்வது தவறு. அது 1992-93 வளர்ப்புகளின் அடையாளம் மட்டுமே.

அதன் பின்னர் இவ்வகை படிப்படியாக அருகி, இப்போது மிக அரிதாகவே கிடைக்கின்றது. உலகில் இன்று பரவும் காலரா ஏறத்தாழ முழுவதும் ஓ1 எல் டோர் வகையாலேயே ஏற்படுகின்றது. ஆய்வகங்கள் ஓ139 எதிர்ச்சீரத்தைத் தொடர்ந்து வைத்திருக்கின்றன. ஓ1 இல் திரளாத ஒவ்வொரு மஞ்சள் காலனியும் அத்துளியிலும் குழைத்துப் பார்க்கப்படுகின்றது.